வீட்டு நம்பர்

அக்கா வீட்டு வைஃபையை நிறுத்தியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஊரில் இந்தக் கதை பலபேர் வாயில் பலவிதமாக மாறிவிட்டது. பெட்டி பழுது என்றார்கள், சிம் பழுது என்றார்கள், கடல் உப்புக் காற்று தின்றுவிட்டது என்றார்கள். ஒன்றுமில்லை. பெட்டி நல்ல பெட்டி. நான் ஒரு டிக்கை எடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

ஆரையம்பதியில் இருந்துகொண்டு ஒரு பாடசாலையில் கணினி படிப்பிக்கிறேன். கணினி படிப்பிக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் சோறு தின்னும் முன்னம் யாராவது ஒரு போனைக் கொண்டுவந்து கையில் திணிப்பார்கள். அவனும் வாங்கி, இரண்டு தட்டுத் தட்டி, சரியாக்கிக் கொடுத்துவிட்டுப் பெரிய மனிதனாக உட்கார்ந்திருப்பான். எனக்கு அந்தப் பெரிய மனிதன் ஆசை கொஞ்சம் கூடுதல்.

அக்கா கட்டிக்கொண்டு போனது பனிச்சங்கேணிக்கு. அத்தான் முதலில் ஆற்றில் இறால் பிடித்தார், பிறகு ஒரு போட்டில் கடலுக்குப் போனார், பிறகு இரண்டும் வேண்டாமென்று கட்டாருக்குக் கட்டட வேலைக்குப் போனார். போகும்போது சிம் போடுகிற வைஃபைப் பெட்டி ஒன்று வாங்கி வீட்டில் வைத்தார். அதற்குள் போட்டது புதுச் சிம் அல்ல. பத்து வருடமாகத் தன் சட்டைப் பையில் கிடந்த போனின் சிம். அங்கே போய் வேறு நம்பர் எடுக்கத்தானே போகிறோம், இதை ஏன் வீணாக்குவான் என்று நினைத்திருப்பார். அந்த நம்பரை அக்கா வீட்டில் 'வீட்டு நம்பர்' என்பார்கள். பாடசாலைப் பதிவிலும், ஏஜென்சிப் பத்திரத்திலும், அத்தானின் பாஸ்போட்டிலும் அந்த நம்பர்தான். அக்காவின் சொந்த நம்பர் பிறகு வந்தது. அது அவரவர் போனில் பெயருக்குப் பின்னால் ஒளிந்து கிடந்ததே தவிர, யாருடைய மனதிலும் இல்லை. எனக்கே இன்றைக்கும் பாடமில்லை.

அக்காவின் மகள், என் மருமகள், சாதாரண தரப் பரீட்சை எடுக்கிற வருடம். பிள்ளை படிக்கிறாள் இல்லை, போனுக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டு கிடக்கிறாள் என்று அக்கா நாளாந்தம் என்னிடம் முறைப்பாடு. வைஃபை பாஸ்வேர்டை மாற்றினேன். அவள் தாயின் போனில் இருந்த சதுரக் கியூஆர் குறியைத் தன் போனால் படம் பிடித்து இரண்டாம் நாளே உள்ளே வந்துவிட்டாள். மறுபடி மாற்றினேன், மறுபடி வந்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பதினாறு வயதுப் பிள்ளை கணினி வாத்தியாரை வெல்வதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனபோது என் போனிலிருந்தே பெட்டியின் உள்பக்கத்தைத் திறந்தேன். பெட்டிக்கு என்று ஒரு முகவரி இருக்கிறது, எண்களால் ஆனது. அதைப் பிரவுசரில் அடித்தால் அதன் அமைப்புகள் எல்லாம் வரும். முதலில் அந்தப் பக்கத்துக்குள் நுழைகிற பாஸ்வேர்டை மாற்றினேன். பிறகு வைஃபை என்ற பகுதிக்குப் போய், இயங்கட்டும் என்று இருந்த டிக்கை எடுத்துவிட்டுச் சேமித்தேன். அந்தக் கணமே என் போன் வெளியே விழுந்தது. வைஃபை இல்லாமல் அந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போக முடியாது. போக வேண்டுமென்றால் வயர் கொழுவிய கணினி ஒன்று வேண்டும். நுனிக் கொப்பில் இருந்து அடிக் கொப்பைத் தறித்த கதைதான். ஆனால் நான் வெட்கப்படவில்லை, சிரித்தேன்.

"இனி ஆண்டவன் வந்தாலும் போடேலா," என்றேன் மருமகளிடம். "சோதினை முடியட்டும். லேன் வயரோட நான் வந்து போட்டுத் தாறன்."

அவள் உள்ளே போனாள். அக்காவுக்குப் பெரிய சந்தோசம். "அத்தானுக்கு நான் என்ட போன்ல டேட்டா போட்டு எடுக்கிறன். அதுக்கென்ன?" என்றாள். பெட்டியை மட்டும் அணைக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டி கொழுவிய அதே நீட்டு வயரில்தான் அதுவும் கொழுவியிருந்தது, சுவிட்ச் ஒன்றுதான். அக்கா ஐஸ் கட்டி வைப்பவள். போட்டில் கடலுக்குப் போகிறவர்கள் விடியலில் வந்து வாங்குவார்கள். ஆகவே ஐஸ்ஸுக்காக அந்தப் பெட்டி இரவு பகலாக விளக்கெரிய இருந்தது, வைஃபை மட்டும் இல்லாமல்.

பரீட்சை முடிந்தது. நான் போகவில்லை. போகாததற்கு ஒரு காரணம் இருந்தால் எழுதுவேன். அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று தள்ளினேன். ஆரையம்பதியிலிருந்து பனிச்சங்கேணிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், வெயில், எனக்கு அலுப்பு. இதுதான் உண்மை.

அந்த நாட்களில்தான் அத்தானின் சத்தம் நின்றது. அக்கா வட்ஸ்அப்பில் அனுப்புகிற எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சரி மட்டும் விழுந்தது, இரண்டாவது சரி விழவேயில்லை. எடுத்தால் போன் இயங்கவில்லை என்றது. ஒரு கிழமை, இரண்டு கிழமை, ஒரு மாதம். ஏஜென்சிக்குப் போனாள். உங்களுடைய வீட்டு நம்பருக்கு அறிவிப்போம் என்று அனுப்பிவிட்டார்கள். ஊரில் ஒருவர் இருவராகப் பேசத் தொடங்கினார்கள். அங்கே வேறொருத்தியோடு இருக்கிறாராம், பலபேர் அப்படித்தானாம்.

நானும் பேசினேன். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று நானும் பேசினேன். ஒரு நாள் போனில் அக்கா அழுதபோது, "மனுசன் விட்டுத்துப் போயித்தார் எண்டு விளங்குதில்லையா உனக்கு? இனி அந்தாள நினைச்சு அழாத" என்று கத்தினேன். அக்கா உடனே அழுகையை நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் அத்தானைப் பற்றிப் பேசியதில்லை. எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. நினைக்க நினைக்க என்னையே காறித் துப்பத் தோன்றுகிறது.

ஏழாவது கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், ஓட்டமாவடியிலிருந்து ஒரு மனிதர் மோட்டார் சைக்கிளில் அக்கா வீட்டைத் தேடி வந்தார். அத்தானோடு ஒரே அறையில் இருந்தவராம், லீவில் வந்திருக்கிறார். அத்தான் இப்போது அந்த அறையில் இல்லை என்று கேள்விப்பட்டு, ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டாரா என்று பார்க்க வந்தாராம். அத்தான் வந்து சேரவில்லை என்று கேட்டதும் அந்த மனிதருக்கு முகம் செத்துவிட்டது என்று பிறகு அக்கா சொன்னாள்.

அன்று மாலை அக்கா எனக்கு எடுத்தாள்.

"தம்பி, அத்தான்ட போன் சீமெந்துத் தண்ணிக்குள்ள விழுந்து பழுதாப் போயித்தாம். நம்பர் ஒண்டும் பாடமில்லயாம். இந்தத் தம்பிட போன்ல இருந்து வீட்டு நம்பருக்கு மெசேஜ் போட்டவராம். மறுமொழி ஒண்டும் வரல்லயாம். மறுகா இந்தத் தம்பி லீவுல வந்தித்தார். அதுக்குப் பிறகு அத்தான் எங்க எண்டு ஆருக்கும் தெரியா."

"எந்த நம்பருக்கு?"

"வீட்டு நம்பருக்குத்தான் தம்பி! அது எங்க வந்திரிக்கும்? எனக்கு ஒண்டும் வரல்லயே."

நான் கதிரையில் உட்கார்ந்தேன். சிம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மெசேஜ் வரும். சிம் பெட்டிக்குள் இருக்கிறது. அந்தப் பெட்டி அழைப்பு எடுக்காது, மணி அடிக்காது. ஆனால் மெசேஜை வாங்கித் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். அதைப் பார்க்கிற இடம் அந்த உள்பக்கத்தில்தான் இருக்கிறது. ஏழு கிழமையாக அவருடைய வார்த்தைகள் அக்காவின் அடுப்படிக்குப் பக்கத்தில், ஐஸ் பெட்டிக்கு மேல், விளக்கெரிந்துகொண்டு கிடந்திருக்கின்றன.

விளங்கப்படுத்தினேன். அக்கா முழுவதும் கேட்கவில்லை. "அப்ப வைஃபைய போட்டாப் பாக்கலாந்தானே? சந்திக் கடைக்காரன் சொல்லித்தந்தவன், பின்னுக்கு ஒரு சின்ன ஓட்டை கிடக்காம், ஊசியால கொஞ்ச நேரம் அமத்திப் புடிச்சா வைஃபை புதுசா வருமாம். ஊசி கையிலதான் கிடக்கு."

"குத்தாத! அக்கா, குத்தாத! ஊசியத் தூக்கி எறி!"

அப்படி நான் யாரிடமும் கத்தியதில்லை. கடைக்காரன் சொன்னது பொய்யில்லை. அந்த ஓட்டையை அமத்தினால் பெட்டி கடையில் வாங்கிய நாளுக்குத் திரும்பும். வைஃபை வரும், பழைய பாஸ்வேர்ட் வரும். ஆனால் உள்ளே சேர்த்து வைத்த எல்லாம் அழிந்துவிடும், மெசேஜும் சேர்த்து. சிம்மைக் கழற்றிப் போனில் போட்டுப் பார்க்கலாமா என்றாள். வந்த மெசேஜ்களை அந்தப் பெட்டி சிம்மில் வைப்பதில்லை, தன் நினைவிலேயே வைக்கும். கழற்றினால் இனி வருகிறது போனுக்கு வரும், வந்தது வராது. "ஒண்டையும் தொடாத. கரண்ட் போனா போகட்டும், அதால அழியாது. ஊசி மட்டும் வேணாம். நாளைக்கு விடிய வாறன்," என்றேன்.

என்னிடம் ஒரு லப்டொப் இருக்கிறது. மெல்லியது, அழகானது, வயர் கொழுவ ஓட்டை இல்லாதது. இப்போது வருகிறவை எல்லாம் அப்படித்தான். பாடசாலை அதிபருக்குப் போன் எடுத்துக் கேட்டேன், அவர் ஏனென்று கேட்காமல் ஆய்வுகூடத் திறப்பைத் தந்தார். அங்கே செங்கல் மாதிரி ஒரு பழைய லப்டொப் கிடந்தது, ஓட்டை உள்ளது. மேசை லாச்சியில் தேடி ஒரு லேன் வயரும் எடுத்தேன். அதன் ஒரு முனையில் பூட்டிப் பிடிக்கிற சின்ன நாக்கு உடைந்திருந்தது. பிள்ளைகள் இழுத்து இழுத்து எல்லா வயரிலும் அதைத்தான் முதலில் உடைப்பார்கள். வேறு வயர் இருந்ததா என்று பார்க்கிற பொறுமை எனக்கு இருக்கவில்லை.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் அந்தச் செங்கல்லை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வாழைச்சேனை கடந்தபிறகு இரண்டு பக்கமும் ஆளில்லாத பற்றை. நேற்றுவரை அலுப்பாக இருந்த அதே பாதை. அத்தான் எங்கேயோ வேலை மாறிப் போயிருப்பார், மெசேஜில் புது நம்பர் இருக்கும், எடுத்துப் பேசுவோம், அவர் என்னை ஏசுவார், நான் வாங்கிக்கொள்வேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

நான் போனபோது ஓட்டமாவடிக்காரர் மறுபடி வந்திருந்தார். வரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. "மனசு கேக்கல்ல சேர்," என்றார். அக்கா முகம் கழுவித் தலை சீவி இருந்தாள், யாரோ வரப் போவதைப்போல. மருமகள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

லப்டொப்பைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலேயே வைத்தேன். வயரின் நல்ல முனையை அதில் கொழுவி, நாக்கு உடைந்த முனையைப் பெட்டியின் பின்பக்கம் கொழுவினேன். கையை எடுத்ததும் அது பின்னால் நழுவியது. ஓட்டமாவடிக்காரர் வந்து பெருவிரலால் அதை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டார். பச்சை விளக்கு எரிந்தது.

முகவரியை அடித்தேன். பக்கம் வரவில்லை. மறுபடி அடித்தேன், வரவில்லை. ஒரே வெள்ளைத் திரை. அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், திரையை அல்ல. பிறகுதான் மூளை வேலை செய்தது. ஆய்வுகூடத்து மெஷின்களுக்கெல்லாம் ஒன்றொன்றாக நிலையான முகவரி கொடுத்து வைத்தவன் நானேதான். அந்த முகவரியோடு இது இந்தப் பெட்டியின் வீட்டுக்குள் வராது, வேறு தெருவில் நின்று கதவைத் தட்டுகிறது. அந்த அமைப்பைத் திறந்து, முகவரியைத் தானாக வாங்கிக்கொள் என்று மாற்றினேன். கறுப்புத் திரையில் கட்டளை அடித்துப் பார்த்தேன். பெட்டி இதற்கு ஒரு முகவரி கொடுத்திருந்தது, அதன் கீழே பெட்டியின் முகவரியும் இருந்தது. அதை அடித்தேன். பக்கம் வந்தது.

பாஸ்வேர்ட் கேட்டது. நான் மருமகளை வெல்வதற்காக மாற்றிய பாஸ்வேர்ட். முதல் தடவை பிழை. இன்னும் சில தடவை பிழைத்தால் கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளும். கண்ணை மூடினேன். பெரிய எழுத்து ஒன்று வேண்டுமென்று அன்று அடம் பிடித்தது நினைவு வந்தது. முதல் எழுத்தைப் பெரிதாக்கி அடித்தேன். உள்ளே விட்டது.

மெசேஜ் என்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு எண். அதற்கு மேலே ஒரு வரி, இடம் நிரம்பிவிட்டது, புதியவற்றை ஏற்க முடியாது என்று.

திறந்தேன். பெரும்பாலும் விளம்பரம். டேட்டா பொதி, பாட்டு, சோதிடம், பரிசு. அதற்கு நடுவில் கல்லுக்குள் அரிசி பொறுக்குவதுபோல் பொறுக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டு நம்பரில் முதலாவதைக் கண்டேன். அத்தான் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறவர். நான் சத்தமாக வாசித்தேன்.

'போன் தண்ணில விழுந்து செத்துத்து. உன்ட நம்பர் பாடமில்ல. இது அறைல இரிக்கிற தம்பிட போன். இதுக்கு எடு.'

"என்ட போன்தான்," என்றார் ஓட்டமாவடிக்காரர், வயரைப் பிடித்தபடி.

நான்கு நாள் கழித்து அதே நம்பரிலிருந்து: 'ஏன் எடுக்கல்ல. கோவமா. பிள்ளைட சோதினை எப்பிடி.'

அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். வேறொருத்தி, விட்டுவிட்டுப் போனவர், மனுசன் இல்லை என்றெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அந்த மனிதர் அங்கேயிருந்து கோபமா என்று கேட்டிருக்கிறார்.

பிறகு வேறு நம்பர். 'இடம் மாத்தித்தாங்க. பாலைவனம். வீடு கடை ஒண்டுமில்ல. இது ஒரு மலையாளிட நம்பர். நல்ல மனுசன். ரெண்டு நாளா நெஞ்சு நோகுது. பயப்பிடாத.'

அடுத்தது அக்காவுக்கு இல்லை. எனக்கு.

'தம்பி, அக்காட நம்பர் எனக்குப் பாடமில்ல. உன்ட நம்பரும் இல்ல. இந்த சிம் பெட்டிக்குள்ள எண்டு எனக்குத் தெரியும். நீ கம்பியூட்டர் சேர்தானே, இதுக்குள்ள பாப்பாய் எண்டுதான் இதுக்குப் போடுறன். பாத்தா உடன எடு. எனக்கு ஏலாம வருது.'

இதை நான் சத்தமாக வாசிக்கவில்லை. அக்கா "என்ன, என்ன எழுதியிரிக்கு?" என்று தோளை உலுக்கினாள். மருமகள் எட்டிப் பார்த்து அவள்தான் வாசித்தாள், ஒரு சொல்லும் விடாமல், பாடப் புத்தகம் வாசிக்கிற குரலில். வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். வைஃபை இருந்திருந்தால் அந்தப் பக்கத்தை அவளே தன் போனில் எப்படியாவது திறந்திருப்பாள். அவள் திறக்கக் கூடாதென்றுதானே நான் பூட்டினேன்.

அதற்குப் பிறகு அவருடைய மெசேஜ் இல்லை. விளம்பரம்தான். ஆனால் அந்த வரி மேலே நின்றது, இடம் நிரம்பிவிட்டது என்று. இடமில்லாததால் வெளியே நிற்கிற மெசேஜ் இருக்கலாம். அப்படி நிற்பதைக் கொஞ்ச நாளைக்குக் கம்பனி வைத்திருந்து மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும், பிறகு எறிந்துவிடும். நான் விளம்பரங்களை ஒன்றொன்றாகத் தெரிவுசெய்து அழித்தேன். அத்தானின் நான்கில் கை பட்டுவிடுமோ என்று பயந்து, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்து அழித்தேன்.

காத்திருந்தோம். எவ்வளவு நேரமென்று தெரியாது. ஐஸ் வாங்க ஒருவர் வந்து வாசலில் கூப்பிட்டார், மருமகள் போய் இல்லையென்று அனுப்பிவிட்டு வந்தாள். ஓட்டமாவடிக்காரர் விரலை மாற்றிப் பிடித்தார். "களைச்சா விடுங்க தம்பி, நான் பிடிக்கிறன்," என்றாள் அக்கா. "இல்ல அக்கா, இரிக்கட்டும்," என்றார்.

பக்கத்தைப் புதுப்பித்தேன். ஒன்று வந்திருந்தது. மலையாளியின் நம்பர், இரண்டு நாள் முந்தியது. ஆங்கிலத்தில் இருந்தது. நான் கணினி படிப்பிக்கிறவன், எனக்கு அந்த ஆங்கிலம் விளங்காமல் இல்லை. இரண்டு மூன்று தடவை வாசித்தேன், வேறு அர்த்தம் ஏதும் வருமா என்று.

உங்கள் ஆள் இறந்து இருபத்திமூன்று நாளாகிறது, இதய வருத்தம், உடல் ஆசுபத்திரியில் இருக்கிறது, பாஸ்போட்டில் உள்ள நம்பருக்கு எல்லோரும் முயற்சிக்கிறார்கள், ஒருவரும் எடுக்கவில்லை, நானும் பலமுறை அனுப்பிவிட்டேன், வீட்டில் யாராவது இதைப் பார்த்தால் தயவுசெய்து அழையுங்கள். இவ்வளவுதான்.

அதை அக்காவுக்குச் சொல்ல நான் திரும்பியபோது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. என் முகத்தைத்தானே அவள் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தரையில் உட்கார்ந்தாள். மருமகள் "அப்பா" என்று ஒரு சத்தம் போட்டாள், ஒரே ஒரு சத்தம். ஓட்டமாவடிக்காரர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மெல்ல ஏதோ ஓதினார். விரலை மட்டும் எடுக்கவில்லை.

மலையாளிக்கு நான் வெளியே போய் எடுத்துப் பேசினேன். எந்த ஆசுபத்திரி, யாரைக் கேட்க வேண்டும் என்று எல்லாம் சொன்னார். பேசி முடியும்போது, "கடைசி நாளும் சொன்னார், மச்சினன் கணினி மாஸ்டர், எப்படியும் பார்த்துவிடுவான் என்று," என்றார். அவர் ஆறுதலுக்குச் சொன்னார். உடல் வந்து சேர அதற்குப் பிறகும் பதினெட்டு நாள் சென்றது. அந்த நாட்களைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

உள்ளே வந்தேன். லப்டொப்பை மூடப் போனேன். அக்கா தரையில் இருந்தபடியே கையைக் காட்டி மறித்தாள். அவள் என்னை ஏசுவாள் என்று நின்றேன். உண்மையைச் சொன்னால் ஏச வேண்டுமென்று ஆசைப்பட்டேன். நீதானே நிப்பாட்டினாய் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். இன்றுவரை அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

"அதில மறுமொழி போடலாமா?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"கோவமா எண்டு கேட்டிரிக்காரே. அதுக்கு."

ஓட்டமாவடிக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அக்கா, அது என்ட அந்த நாட்டு சிம். இப்ப அது இல்ல, நான் வரக்குள்ள விட்டுத்து வந்தித்தன்," என்றார்.

"இரிக்கட்டும். கோவமில்ல எண்டு போடு தம்பி. கேட்ட மனுசனுக்கு ஒரு மறுமொழி போகாமக் கிடக்கு."

இரண்டாவது மெசேஜைத் திறந்தேன். மறுமொழி என்ற இடத்தைத் தட்டினேன். அவர் எழுதியதுபோலவே ஆங்கில எழுத்தில், 'கோவம் இல்ல' என்று அடித்தேன். அனுப்பு என்றதைத் தட்டினேன். சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. பிறகு சிவப்பில் ஒரு வரி வந்தது, அனுப்ப முடியவில்லை என்று. மறுபடி தட்டினேன். மறுபடியும் அதே வரி.

"போயித்தா?" என்றாள் அக்கா.

அவள் இருந்த இடத்திலிருந்து திரை தெரியாது. ஓட்டமாவடிக்காரருக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியும். மருமகள் என் பக்கத்தில்தான் நின்றாள், அந்தச் சிவப்பு வரியை வாசித்துக்கொண்டு.

"ஓம் அக்கா," என்றேன். "போயித்து."